கேட் கேமரா இருட்டினதும் ரீஸ்டார்ட் ஆகிறது: 90 மீட்டர் கேபிள், 24 வோல்ட் இன்ஜெக்டர். தவறு எங்கே?

கரடிமேடு | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் அரவேணு பக்கம் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வீடு மேலே, கேட் கீழே, நடுவில் தேயிலைச் சரிவு. கேட்டில் கரண்ட் இல்லை. அதனால் வீட்டிலிருந்து ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகிற மாதிரி போன வருடம் ஒருவரை வைத்து கேமரா போட்டோம். கேபிள் சில்வர் ஓக் மரங்களில் கட்டி இறங்குகிறது.

பகல் முழுக்கப் படம் தெளிவாக வருகிறது. சாயங்காலம் ஆறே முக்கால் வாக்கில் இருட்டு கட்டினதும் கேமரா அணைந்து, திரும்ப எழுந்து, ஒரு நிமிடம் படம் காட்டி, மறுபடி அணைகிறது. விடியும் வரை இதேதான். எங்களுக்குக் கேமரா வேண்டியதே இரவில்தான். கரடி கேட் பக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விருந்தினர்களை வெளியே விடுகிறோம்.

கேமராவை ஒரு முறை மாற்றியாகிவிட்டது. அடாப்டரும் புதுசு. வீட்டில் கேபிளுக்குள் மின்சாரத்தை ஏற்றுகிற இன்ஜெக்டரில் 24V என்று எழுதியிருக்கிறது. கேட்டில் ஒரு ஸ்ப்ளிட்டர் அதை 12 ஆக்கிக் கேமராவுக்குக் கொடுக்கிறது. கேபிளின் மேல் UTP CAT6 என்று மட்டும் அச்சு. இன்ஜெக்டரை எடுத்துவிட்டு, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புகிற பிஓஇ ஸ்விட்ச் வாங்கினால் சரியாகுமா?

சிவப்பு எல்இடி | செவ்வாய், இரவு 10:05

தூரம்தான் பிரச்சினை. இன்ஜெக்டரைக் கேபிளின் பாதி வழியில் வையுங்கள். அங்கிருந்து புதிதாக நூறு மீட்டர் கிடைக்கும். ராத்திரியில் இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவின் ஐஆர் விளக்கு எரிவதால் கரண்ட் அதிகம் இழுக்கிறது, அவ்வளவுதான்.

ஓம்விதி | செவ்வாய், இரவு 10:50

ஐஆர் பற்றிச் சொன்னது சரி. இன்ஜெக்டர் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. நடுவில் வைத்தால் மின்சாரம் போக வேண்டிய தூரம் குறையும், உண்மை. ஆனால் இன்ஜெக்டர் டேட்டாவைத் தொடுவதில்லை, வந்ததை அப்படியே அந்தப் பக்கம் விடுகிறது. ஸ்விட்ச் மட்டும்தான் சிக்னலை வாங்கிப் புதிதாக அனுப்பும். இன்ஜெக்டர் எங்கே இருந்தாலும் நூறு மீட்டர் கணக்கு வீட்டு ஸ்விட்சிலிருந்து கேமரா வரைதான். தேயிலைச் சரிவின் நடுவில் பிளக் பாயின்டும் இருக்காது.

கரடிமேடு, எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும்.

முதலில் கேபிளின் உண்மையான நீளம். உறையின் மேல் மீட்டருக்கு ஒரு முறை எண் அச்சிட்டிருக்கும். இரண்டு முனையிலும் இருக்கிற எண்ணைப் பார்த்துக் கழித்தால் நீளம் வந்துவிடும்.

அடுத்து, பகலில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்ப்ளிட்டருக்கு எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று அளங்கள். அதே இடத்தில் இருட்டினதும் ஒரு முறை.

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு முனையிலும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இன்ஜெக்டர் ஏறியிருக்கும்போது செய்யக் கூடாது. கேட் முனையில் பிளக்கை வெட்டி, ஒவ்வொரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். வீட்டு முனையில் அந்த ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே எத்தனை ஓம் என்று பாருங்கள். நாலு ஜோடிக்கும் தனித்தனியாக. மீட்டரின் இரண்டு முட்களையும் ஒட்டவைத்தாலே அரை ஓம் பக்கம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிளக்கை வெட்டும்போது ஒரு கம்பியின் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டி, உள்ளே என்ன நிறம் என்றும் சொல்லுங்கள்.

பைக்காரா | புதன், காலை 8:15

எனக்கும் இதே பிரச்சினை. ஊட்டியில் லாட்ஜ், மாடியில் வைஃபை ஏபி. இன்ஜெக்டரில்தான் ஓடுகிறது. அணைவதில்லை, ஆனால் ரொம்ப மெதுவாக இருக்கிறது. இன்டர்நெட் லைன் 300, மாடியில் 90க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. பிஓஇ போட்டால் வேகம் குறையும் என்று சொல்கிறார்களே, அதுதானா?

ஓம்விதி | புதன், காலை 9:30

பைக்காரா, உங்களுடையது வேறு கதை. பிஓஇ வேகத்தைக் குறைக்காது. 90க்கு மேல் ஏறவில்லை என்றால் ஏபி 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது. ஏபியின் செட்டிங்ஸ் பக்கத்தில் போர்ட் வேகம் காட்டும், பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தாலும் 100க்கு இறங்கிவிடும், ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடியும் நன்றாக இருந்தால் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அல்லது இன்ஜெக்டரே 100க்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். பழைய, விலை குறைந்த இன்ஜெக்டர்கள் நீலத்தையும் பழுப்பையும் மின்சாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும், டேட்டாவை அதில் விடாது.

குன்னூர் கடைக்காரர் | புதன், மதியம் 1:20

நான் கேமரா, கேபிள் விற்கிற ஆள். கேள்வியைப் படித்ததுமே எனக்குத் தோன்றியது சிசிஏ கேபிள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு. கஸ்டமர் வந்தால் முதல் கேள்வியே விலைதான், பாதி விலைக்கு சிசிஏ பெட்டி கிடைக்கிறது, போடுகிறவர் அதை எடுத்துப் போய்விடுகிறார். நானும் விற்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் பில்லில் சிசிஏ என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

அந்தக் கேபிளே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். 48 வோல்ட் பிஓஇ போட்டால் எண்பது தொண்ணூறு மீட்டர் ஓடுகிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 24 வோல்ட்டில்தான் சிக்கல். ஸ்விட்ச் வாங்குங்கள் தங்கச்சி, சரியாகிவிடும்.

சிவப்பு எல்இடி | புதன், மதியம் 1:45

சிசிஏவில் பிஓஇ போட்டால் கேபிளே சூடாகி எரிந்துவிடும் அண்ணா. நீங்கள் இப்படிச் சொல்லலாமா?

கரடிமேடு | புதன், இரவு 8:30

எல்லாம் அளந்துவிட்டேன். அப்பா கேட்டில் நின்றார், நான் வீட்டில். போனில் பேசிக்கொண்டே செய்தோம்.

கேபிள் எண் வீட்டில் 212, கேட்டில் 302. ஆக 90 மீட்டர்.

இன்ஜெக்டரில் 24.1 வோல்ட். பகலில் கேட்டில் 19.8. சாயங்காலம் மீட்டரை மாட்டிக்கொண்டே காத்திருந்தோம். கேமராவுக்குள் டிக் என்று சத்தம் கேட்டது, ஐஆர் எரிந்தது. உடனே 19.8லிருந்து சரசரவென்று இறங்கி 12 பக்கம் வந்து கேமரா அணைந்தது. அடுத்த நொடியே மீட்டர் 24. பிறகு கேமரா எழுந்தது, 20 ஆனது, திரும்ப இறங்கியது. நாலைந்து முறை அப்படியே பார்த்தோம்.

ஓம் கணக்கு, முள் ஒட்டிய அளவைக் கழித்த பிறகு: ஆரஞ்சு 31.2, பச்சை 31.5, நீலம் 32.0, பழுப்பு 39.4.

கம்பியைச் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி மாதிரி வெள்ளை. நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினதும் ஒடிந்துவிட்டது. வெட்டின பழைய பிளக்கில் பழுப்புக் கம்பிகள் இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மூடுபனி அந்தப் பெட்டிக்குள் போகிறது என்று நினைக்கிறேன், மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஈரம். கேமராவின் ஸ்டிக்கரில் DC 12V என்றும் அதற்குக் கீழே PoE 802.3af என்றும் இருக்கிறது. அதிகபட்சம் 9.5W.

ஓம்விதி | புதன், இரவு 10:40

இவ்வளவு சுத்தமாக அளந்து கொடுத்தால் பதில் சொல்வது எளிது. உங்கள் அப்பாவுக்கும் நன்றி சொல்லுங்கள்.

சாதாரண 24 கேஜ் செம்பாக இருந்தால் 90 மீட்டருக்கு ஒரு ஜோடியைச் சுற்றி அளக்கும்போது 15, கொஞ்சம் மோசமானதென்றாலும் 17 ஓம் வர வேண்டும். உங்களுக்கு 31. இரண்டு மடங்கு. அலுமினியம் என்பதால் மட்டும் இரண்டு மடங்கு ஆகாது, ஒன்றரை மடங்கு சொச்சம்தான் ஏறும். உங்கள் கம்பி அலுமினியமும் ஆகி, தடிமனிலும் குறைத்திருக்கிறார்கள்.

உங்கள் இன்ஜெக்டர் நீல ஜோடியில் அனுப்பிப் பழுப்பு ஜோடியில் திருப்பி வாங்குகிறது. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியும் சேர்ந்து ஒரே பக்கம் சுமப்பதால், நீங்கள் அளந்த எண்ணில் நாலில் ஒரு பங்குதான் வழியில் நிற்கும். நீலத்துக்கு 8, பழுப்புக்கு ஏறத்தாழ 10. ஆக 18 ஓம்.

இப்போது ஒரு விஷயம். ஸ்ப்ளிட்டர், கேமரா எல்லாம் வாட் கணக்கில் இழுக்கிற பொருள்கள். வோல்ட் குறைந்தால் ஆம்பியரை அதிகம் இழுத்து ஈடுகட்டும். அதிகம் இழுத்தால் கேபிளில் இன்னும் வோல்ட் இறங்கும். அது இன்னும் இழுக்கும். ஒரு எல்லைக்கு மேல் அந்தக் கேபிள் வழியாக அவ்வளவு வாட் போகவே போகாது. அந்த எல்லை இது:

```
P = V × V ÷ (4 × R)
24 × 24 ÷ (4 × 18) = 8 W
```

எட்டு வாட். பகலில் உங்கள் கேமராவும் ஸ்ப்ளிட்டரும் சேர்ந்து நாலரை வாட் பக்கம் எடுக்கின்றன, அதற்கு 20 வோல்ட் சேர வேண்டும், உங்கள் மீட்டரும் 19.8 காட்டியது. ஐஆர் எரிந்ததும் பத்து வாட் கேட்கிறது. எட்டு வாட்தான் போக முடிகிற பாதையில் பத்து கேட்டால் வோல்ட் பாதிக்குச் சரியும், ஸ்ப்ளிட்டர் கைவிட்டுவிடும். நீங்கள் பார்த்த 12 அதுதான். கேமராவை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது.

இதே 90 மீட்டர் நல்ல செம்பாக இருந்து வழியில் 7.6 ஓம் மட்டும் இருந்தால், அதே பழைய இன்ஜெக்டரில் இரவிலும் கேட்டில் 20 வோல்ட் நின்றிருக்கும். போட்டவர் வேறு இடங்களில் செம்பில் இதே முறையைச் செய்து ஓடியிருக்கும், அதனால் இங்கேயும் ஓடும் என்று நினைத்திருப்பார்.

கடைக்கார அண்ணன் சொன்ன 48 வோல்ட்டையும் போட்டுப் பார்த்தேன். அதே 18 ஓம், அதே பத்து வாட், கேட்டில் 44 வோல்ட் நிற்கும். உங்கள் கேமராவில் போட்டிருக்கிற 802.3af என்ற பிஓஇ தரப்படி கருவிக்குக் குறைந்தது 37 இருந்தால் போதும். ஆக அவர் சொல்வது கணக்குப்படி சரி. ஆம்பியர் கால் கூட வராது, கேபிள் முழுக்கச் சேர்த்தே ஒரு வாட்டுக்கும் குறைவான சூடு. சிவப்பு எல்இடி, ஒற்றைக் கேபிள் திறந்த வெளியில் இந்த அளவு சுமந்தால் எரியாது. 802.3bt போல அறுபது, தொண்ணூறு வாட் அனுப்புகிற கேபிள்களைக் கட்டாகக் கட்டிக் குழாய்க்குள் திணித்தால் அந்தப் பயம் நியாயம்.

ஆனால் அண்ணே, "சரியாகிவிடும்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பழுப்பு ஜோடியைப் பாருங்கள். மற்றவை 31, 32 இருக்கும்போது இது மட்டும் 39. 90 மீட்டர் முழுக்க அந்த ஜோடி மட்டும் மெலிந்திருக்க முடியாது, ஒரு முனையில் இணைப்பு கெட்டிருக்கிறது. வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்தது. செம்பு அரித்தால் பச்சை பிடிக்கும். பிளக்கின் பல் செம்புப் பூச்சைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும்போது அலுமினியம் வெளியே தெரிகிறது, அதில் மூடுபனி ஈரமும் நாள் முழுக்க மின்சாரமும் சேர்ந்தால் அது தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். 48 வோல்ட் கொடுத்தாலும் இது நிற்காது. இன்றைக்கு 7 ஓம் அதிகம், அடுத்த மழைக்கு எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

குன்னூர் கடைக்காரர் | வியாழன், காலை 10:10

கணக்கை ஒத்துக்கொள்கிறேன் சார். பிளக் அரிப்பையும் ஒத்துக்கொள்கிறேன், நம் ஊரில் நவம்பரில் பெட்டியைத் திறந்தால் தண்ணீர் சொட்டும். ஆனால் கேபிள் மாற்றுவது என்றால் மரம் ஏறி 90 மீட்டர் இழுக்க வேண்டும், ஆள் கூலி கேபிளை விட அதிகம். முதலில் 48 வோல்ட் போடட்டும், பிளக்கைப் புதிதாக அடித்துப் பெட்டிக்குச் சரியான கிளாண்ட் போட்டு மூடட்டும், வண்டி ஓடும் வரை ஓடட்டும் என்பது என் கருத்து.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. "சுத்தச் செம்பு" என்று பெட்டி மேல் போட்டிருப்பதை நம்பாதீர்கள். 305 மீட்டர் பெட்டியில் 24 கேஜ் செம்பு மட்டுமே நாலரை கிலோ இருக்கும், அதற்கு மேல் உறையும் அட்டையும். முழுப் பெட்டியே அஞ்சு கிலோ காட்டினால் அதில் செம்பு இல்லை. நான் சரக்கு வந்ததும் தராசில் வைத்துத்தான் எடுக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை லைட்டரில் காட்டுங்கள். அலுமினியம் துவண்டு உருகி ஒடிந்துவிடும், செம்பு சிவந்து அப்படியே நிற்கும்.

கரடிமேடு | வியாழன், மதியம் 12:30

அப்போ ஸ்விட்சா, ஒற்றை 48 வோல்ட் இன்ஜெக்டரா? எங்களிடம் இன்னும் இரண்டு கேமரா வீட்டைச் சுற்றி இருக்கிறது, அவை தனித்தனி அடாப்டரில். ஹாலில் ஒரு வைஃபை ஏபி, அதன் டப்பாவில் 802.3at என்று போட்டிருக்கிறது.

ஓம்விதி | வியாழன், மதியம் 2:15

ஒரே கேமராவுக்கு என்றால் af என்று அச்சிட்ட இன்ஜெக்டர் போதும். 48V என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. af போட்டது முதலில் சின்ன வோல்ட் அனுப்பி, அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழு வோல்ட் ஏற்றும். சும்மா 48 எழுதின மலிவுப் பொருள் எதைச் செருகினாலும் ஏற்றிவிடும், லேப்டாப்பை மாற்றிச் செருகினாலும். பழைய 24 வோல்ட் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு கேபிளை நேராகக் கேமராவில் செருகுங்கள், அதற்குள்ளேயே af இருக்கிறது.

நாலு கருவி என்றால் எனக்கு ஸ்விட்ச்தான் பிடிக்கும். கோத்தகிரியில் மழைக் காலத்தில் கரண்ட் போய் வரும். நாலு அடாப்டரை இன்வெர்ட்டரில் கோர்ப்பதற்குப் பதில் ஒரு ஸ்விட்சைக் கோர்த்தால் முடிந்தது. கேமரா உறைந்து நின்றாலும் மேனேஜ்டு ஸ்விட்ச் என்றால் போனிலிருந்தே அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்திப் போடலாம், மழையில் கேட் வரை இறங்க வேண்டாம்.

வாங்கும்போது ஒரு போர்ட்டுக்கு 30 வாட் என்பதை மட்டும் பார்த்துவிடாதீர்கள். மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். மூன்று கேமராவுக்குப் பத்துப் பத்தாக 30, ஏபி at என்றால் 25 வரை எடுக்கலாம், கேபிளில் போவதும் சேர்த்து 60 பக்கம் வந்துவிடும். மொத்தம் 65 வாட் ஸ்விட்ச் என்றால் இரவில் எல்லா ஐஆரும் எரியும்போது விளிம்பில் நிற்கும். 90க்கு மேல் இருப்பதாகப் பாருங்கள்.

பைக்காரா | வெள்ளி, மாலை 6:00

போர்ட் வேகம் பார்த்தேன், 100 என்றுதான் காட்டுகிறது. இன்ஜெக்டரை ஜிகாபிட் ஒன்றாக மாற்றினேன், அப்புறமும் 100தான். மாடியில் கேபிள் சுவரிலிருக்கிற சாக்கெட்டுக்குள் போகிறது. அதைத் திறந்தால் கம்பிகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன.

ஓம்விதி | வெள்ளி, இரவு 9:20

பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சாக்கெட்டின் கத்திப் பல்லுக்குள் சிசிஏ கம்பி ஒடிந்திருக்கலாம், உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒன்று கையோடு வந்தால் அதுதான். வராவிட்டால் நாலு ஜோடியையும் மேலே சொன்னபடி அளந்து போடுங்கள்.

கரடிமேடு | அடுத்த வெள்ளி, இரவு 10:00

ஸ்விட்ச் வரத் தாமதமாகும் என்றார்கள். அதனால் தற்போதைக்கு af இன்ஜெக்டர் ஒன்று வாங்கி, இரண்டு முனையிலும் புதுப் பிளக் அடித்து, ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டுப் போட்டோம். ஆறு இரவு ஒரு முறை கூட அணையவில்லை. மூன்றாம் இரவு 2:10க்குக் கரடி ஒன்று கேட்டை முகர்ந்துவிட்டுக் குட்டியோடு போனது முழுசாகப் பதிவாகியிருக்கிறது.

ஆனால் நேற்று இரவு நல்ல மழை, காற்று. இன்று காலையில் சந்தேகப்பட்டு கழற்றி அளந்தேன். பிளக் மாற்றினதும் பழுப்பு 32க்கு வந்திருந்தது. இன்று 35.6. பிளக் காய்ந்துதான் இருக்கிறது, பெட்டிக்குள் ஈரம் இல்லை.

ஓம்விதி | அடுத்த வெள்ளி, இரவு 11:05

அப்படியென்றால் இந்த முறை பிளக்கில் இல்லை. மரத்தில் கட்டியிருக்கிற இடங்களைப் பாருங்கள். சில்வர் ஓக் ஆடும்போது கட்டின இடத்தில் கேபிள் ஒரே புள்ளியில் மடங்கி நிமிர்கிறது. நீங்கள் கையால் நாலைந்து முறை மடக்கினதும் ஒடிந்ததே, அதையே காற்று மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறது. பாதி விரிசல் விட்ட கம்பியில் ஓம் ஏறி இறங்கும். இதற்கு ஒட்டு வேலை கிடையாது. செம்பு, வெளிப்புற உறை உள்ள கேபிள், மரத்தில் கட்டாமல் தரையில் குழாய்க்குள்.

குன்னூர் கடைக்காரர் | சனி, காலை 9:00

இது தெரிந்த பிறகு நானும் ஓடும் வரை ஓடட்டும் என்று சொல்ல மாட்டேன். மாற்றிவிடுங்கள் தங்கச்சி.

சிவப்பு எல்இடி | சனி, காலை 9:40

தரையில் புதைக்கிற செலவு செய்கிறீர்கள் என்றால் ஃபைபர் போடலாமே? மலையில் இடி விழுந்தால் 90 மீட்டர் செம்பு வழியாக வீட்டு ஸ்விட்ச் வரை வந்துவிடுமே.

ஓம்விதி | சனி, காலை 11:30

அந்தப் பயம் சரியானது. ஆனால் ஃபைபரில் மின்சாரம் போகாது, கேட்டில் கரண்ட் இல்லாததால்தான் இந்த ஏற்பாடே. செம்பு போட்டு இரண்டு முனையிலும் சர்ஜ் தடுப்பு வைக்கலாம், அதற்கு இரண்டு முனையிலும் நல்ல எர்த் வேண்டும். கேட் பக்கம் பாறையா, மண்ணா கரடிமேடு?

கரடிமேடு | சனி, மதியம் 1:15

கேட் தூண் நிற்பதே பாறை மேல்தான். பத்தடி தள்ளி ஓடை ஓரம் எப்போதும் ஈர மண். அங்கே எர்த் கம்பி இறக்கலாமா என்று நாளை எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். குழி வெட்டும் ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். கேபிள் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்போம் என்று அப்பா சொல்லிவிட்டார்.